டிரையர் சுழல்கிறது, சூடு மட்டும் இல்லை

போர்ட் கிள்ளானில் வெயிலை மட்டும் நம்பித் துணி துவைக்க முடியாது. கடலோர ஈரக்காற்றில் தடித்த துணி காய இரண்டு நாள் ஆகும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் ஆனால் மழை கொட்டும். துறைமுகச் சாலையை ஒட்டிய வீடுகளில் லாரிப் புழுதி வேறு. போதாததற்குப் புகைமூட்டம். 2005 ஆகஸ்ட் மாதம் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டதை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாள்களில் வெளியே போட்ட துணியைத் திரும்பவும் துவைக்கத்தான் வேண்டும்.

அதனால்தான் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு டிரையரும் ஏறிவிட்டது. இந்தப் பெட்டியைப் பற்றி வரும் புகார்களில் ஒன்று எல்லா வீட்டுக்கும் பொதுவானது. "டிரையர் ஓடுது, உள்ளே துணி சுத்துது, சத்தமும் எப்போதும் போலத்தான் இருக்கு. ஆனா ரெண்டு மணி நேரம் கழிச்சுத் திறந்தா துணி சில்லுனு ஈரமா இருக்கு."

பழுது பார்க்க வருபவர் ஒரு சிறிய ஃபியூஸை மாற்றுவார். சூடு வந்துவிடும். சில வாரம் கழித்து மறுபடியும் அதே கதை. "கம்பெனி சாமான் சரியில்லை" என்று டிரையர்மீது பழி விழும். பெரும்பாலும் அந்த ஃபியூஸ்மீது குற்றம் இருக்காது. வீட்டைக் காப்பாற்ற அது தன்னைப் பலி கொடுத்திருக்கும். அதைப் பலி கேட்டது எது என்று பார்க்காத வரை, எத்தனை ஃபியூஸ் மாற்றினாலும் அத்தனையும் போகும்.

மூன்று லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

இங்கே நாம் பேசுவது, நம் வீடுகளில் அதிகம் உள்ள சாதாரண மின்சார டிரையரைப் பற்றி. ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை அது. அதற்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு மோட்டார், துணி இருக்கும் தொட்டியையும் காற்றாடியையும் சுழற்றுகிறது. இன்னொரு பக்கம், ஹீட்டர் கம்பிச் சுருள் காற்றைச் சூடாக்குகிறது. மோட்டாருக்குப் போகும் மின்சாரமும் ஹீட்டருக்குப் போகும் மின்சாரமும் வெவ்வேறு கம்பிகளில் போவதால், ஹீட்டர் பாதை அறுந்தாலும் மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சுழல்கிறதே, பிறகு ஏன் சூடு இல்லை என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

ஐந்து கிலோ துணியைத் துவைத்துப் பிழிந்து எடுத்தால், அதில் ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர் இன்னும் இருக்கும். அத்தனையும் ஆவியாகிக் காற்றோடு கலந்து, இயந்திரத்தின் பின்னால் உள்ள குழாய் வழியாக வெளியேற வேண்டும். போகிற வழியில் துணியிலிருந்து உதிரும் நூல் பஞ்சையும் அந்தக் காற்று இழுத்துக்கொண்டு போகும். கதவருகே உள்ள வடிகட்டி பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மிச்சம் குழாய்க்குள் போகும். குழாயின் உட்புறம் ஈரமாக இருப்பதால், பஞ்சு அங்கே ஒட்டும். ஒட்டிய பஞ்சின்மேல் இன்னும் பஞ்சு ஒட்டும்.

குழாய் அடைபட்டால் காற்றோட்டம் குறைகிறது. ஆனால், ஹீட்டருக்கு அது தெரியாது. அது வழக்கம் போல 2,000 வாட் அளவுக்குச் சூட்டைத் தந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டை எடுத்துச் செல்லக் காற்று இல்லாததால், கம்பிச் சுருளைச் சுற்றியே வெப்பம் தேங்குகிறது. அங்கே இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். முதல் காவலர் தெர்மோஸ்டாட். சூடு அளவைத் தாண்டினால் ஹீட்டரை அணைப்பார், ஆறியதும் திரும்பப் போடுவார். அவரால் சமாளிக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறினால், இரண்டாவது காவலரான வெப்ப ஃபியூஸ் பாதையை ஒரேயடியாக அறுத்துவிடுவார். அது ஒருமுறைதான் வேலை செய்யும், திரும்பச் சேராது. சில டிரையர்களில் மட்டும், பின்புறம் ஒரு சிறிய பொத்தானை அழுத்தித் திரும்பச் சேர்க்கும்படி வைத்திருப்பார்கள்.

பண்டமாரானில் ஒரு வீடு

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பண்டமாரானில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள், நான்கு ஆண்டு பழைய ஏழு கிலோ டிரையர். ஆரம்பத்தில் ஐந்து கிலோ துணி ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது. பிறகு இரண்டு மணி ஆனது, இரண்டரை ஆனது. "துண்டு கனமா இருக்கு, அதான்" என்று வீட்டம்மா நினைத்துக்கொண்டார். டிரையரின் மேல்தகடு தொட முடியாத சூடாக இருந்ததையும், அது ஓடும்போது சமையலறை ஜன்னலில் ஈரம் படிந்ததையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு இரவு, பிள்ளையின் பள்ளிச் சீருடை அவசரமாக வேண்டும் என்று டிரையரைப் பாதியில் நிறுத்தி எடுத்தார்கள். மறுநாள் போட்டால் சூடு இல்லை. ஏன்? கடைசிச் சில நிமிடம் ஹீட்டரை அணைத்துவிட்டு வெறும் காற்றை ஓட்டி ஆறவைப்பது டிரையரின் பழக்கம். பாதியில் நிறுத்தினால் காற்றாடியும் நின்றுவிடும். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த கம்பிச் சுருளின் சூடு போக வழியில்லாமல் ஃபியூஸைத் தாக்கும். குழாய் சுத்தமாக இருந்திருந்தால் அது தாங்கியிருக்கக்கூடும். இங்கே அது எல்லையில் நின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தவர் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போனார். மூன்றே வாரத்தில் அதுவும் போனது. இரண்டாவதாக வந்த இளைஞர் பையைத் திறப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, இதோட காத்து எங்க வெளியே போகுது?"

"பின்னாடி யார்டு பக்கம்தான் தம்பி. கொசு, பல்லி வருதுன்னு குழாய் வாயில வலை கட்டியிருக்கோம்."

அவர் யார்டுக்குப் போய்ப் பார்த்தார். வலை கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளித் துணியை ஒட்டிவைத்தது போல, அதன்மேல் பஞ்சு மூடியிருந்தது. இங்கே டெங்கி பயம் எல்லா வீட்டிலும் உண்டு. கொசுவைத் தடுக்க நினைப்பது தப்பில்லை. ஆனால் டிரையர் குழாயின் வாயில் வலை கட்டினால், அது இரண்டாவது வடிகட்டி ஆகிவிடும், யாரும் சுத்தம் செய்யாத வடிகட்டி. அதற்குப் பதிலாக, காற்று வரும்போது தானே திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி பொருத்த வேண்டும்.

அடுத்து, குழாயைக் கழற்றினார். நடுவில் அது தொய்ந்து வளைந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, பஞ்சு களிமண் மாதிரி இறுகியிருந்தது. டிரையருக்குப் பின்னால், சுவரோடு நெருக்கித் தள்ளியதில் குழாய் பாதிக்கு நசுங்கியும் இருந்தது. மூன்று லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டிய வழி அதுதான்.

மீட்டர் சொன்ன சாட்சி

அதற்குப் பிறகுதான் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பிளக் வெளியே இருக்க வேண்டும். கம்பிச் சுருள் ஆறியிருக்கவும் வேண்டும்.

ஃபியூஸின் ஒரு பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தார். கம்பியைக் கழற்றாமல் அளந்தால், மற்ற பாதை வழியாக மின்சாரம் சுற்றி வந்து பொய்யான எண்ணைக் காட்டிவிடும். நல்ல ஃபியூஸ் என்றால் மீட்டர் 0-வை ஒட்டிக் காட்டும். இங்கே OL என்று காட்டியது. பாதை அறுந்துவிட்டது என்று பொருள்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அவர் ஹீட்டர் சுருளையும் அளந்தார். காற்றில்லாமல் பல மாதம் கொதித்த கம்பி, சில இடங்களில் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகி, மெலிந்து, தொய்ந்து, ஒரு நாள் அறுந்துபோகும். 240 வோல்ட்டில் 2,000 வாட் எடுக்கும் சுருளின் மின்தடை சுமார் 29 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் அதை ஒட்டியே காட்டியது, சுருள் பிழைத்திருந்தது. OL காட்டியிருந்தால் சுருளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக, சுருளின் ஒரு முனைக்கும் அதை மூடியிருக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே அளந்தார். அங்கே OL காட்டுவதுதான் நல்லது. ஏதாவது எண் காட்டினால், தொய்ந்த கம்பி கூட்டைத் தொடுகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் வீட்டின் இஎல்சிபி அடிக்கடி விழும். டிரையரைப் போட்டதும் இஎல்சிபி விழுகிறது என்றால், அதைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கக் கூடாது.

இந்த வீட்டில் ஃபியூஸோடு தெர்மோஸ்டாட்டையும் சேர்த்து மாற்றினார். குழாய் அடைபட்ட மாதங்களில் அந்தத் தெர்மோஸ்டாட் ஓயாமல் அணைந்து எரிந்திருக்கும். அதன் தொடுமுனைகள் தேய்ந்தோ ஒட்டியோ போனால், அடுத்த முறை ஹீட்டரை அணைக்க வேண்டிய நேரத்தில் அணைக்காது. முதலில் வந்தவர் விட்டுப்போன வேலைகள் இரண்டு: ஒன்று இது, மற்றொன்று குழாய்.

பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, தொய்வில்லாமல் முடிந்தவரை நேராக, குட்டையாகப் புதுக் குழாய் பொருத்தினார். பிளாஸ்டிக்கை விட உலோகக் குழாய் நல்லது. உள்ளே பஞ்சு தீப்பிடித்தாலும் குழாயும் சேர்ந்து எரியாது. வலைக்குப் பதில் மூடி வந்தது. பிறகு, பிளக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு வாட் மீட்டரை வைத்து ஓட்டிப் பார்த்தார். முன்பு 200 வாட் சொச்சம் காட்டியது. அது மோட்டார் மட்டும் ஓடும் கணக்கு. இப்போது 2,200-ஐ ஒட்டி நின்றது. ஐந்து கிலோ துணி மறுபடியும் ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது.

நீங்களே கண்டுபிடிக்கலாம்

மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்களும் பாதித் தூரம் போகலாம். முதலில், டிரையர் வெறும் காற்று ஓட்டும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பொத்தானைத் திருகிவிட்டிருப்பதும் உண்டு. அது இல்லை என்றால், ஓர் ஈரத் துண்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெளியே குழாயின் வாயில் கையை வையுங்கள்.

காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ந்து இருக்கிறது என்றால், ஹீட்டர் பாதை அறுந்திருக்கிறது. அது ஃபியூஸோ சுருளோ தெர்மோஸ்டாட்டோ, மீட்டர்தான் சொல்லும். காற்று மெலிதாக வருகிறது, தொடக்கத்தில் சூடாக இருந்து பிறகு விட்டுவிட்டு வருகிறது என்றால், ஹீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது. குழாய்தான் அடைபட்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் குழாயைச் சுத்தம் செய்தால் ஒரு காசு செலவில்லாமல் ஃபியூஸைக் காப்பாற்றலாம். காற்றும் இல்லை, சூடும் இல்லை என்றால், இரண்டும் சேர்ந்து நடந்திருக்கிறது. பண்டமாரான் வீடு இந்த வகை.

இணையத்தில் இதைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் காணொளிகளில், "இரண்டு பிரேக்கரில் ஒன்று விழுந்திருக்கலாம், அதனால் மோட்டார் மட்டும் ஓடும்" என்று சொல்வார்கள். அங்கே டிரையருக்கு இரண்டு 120 வோல்ட் கம்பிகள் சேர்ந்து 240 வோல்ட் தருவதால் அப்படி. நம் நாட்டில் சாதாரண மூன்று முனைப் பிளக்கில் ஒரே கம்பியில் முழு வோல்ட்டும் வந்துவிடுகிறது. டிரையர் சுழன்றால் மின்சாரம் வருகிறது என்றே பொருள். பிரேக்கரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஈரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் சேர்க்கும் வகை டிரையர்களுக்கும், எரிவாயுவில் ஓடும் டிரையர்களுக்கும் இந்த அளவுகள் பொருந்தா. எரிவாயு டிரையரை வீட்டில் திறக்கவே கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத எந்த டிரையரையும் திறக்காமல் விற்பனையாளரை அழைப்பதே லாபம்.

கம்பியால் இணைத்தால் என்ன ஆகும்?

ஃபியூஸ் கிடைக்கவில்லை, அல்லது அடிக்கடி போகிறது என்று, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. டிரையர் உடனே சூடாகும், வாடிக்கையாளரும் மகிழ்ந்து காசு கொடுப்பார். ஆனால் இரண்டாவது காவலர் இனி இல்லை. முதல் காவலரான தெர்மோஸ்டாட்டும் ஏற்கெனவே களைத்துப்போனவர். அவர் ஒரு நாள் ஒட்டிக்கொண்டால், ஹீட்டரை அணைக்க யாரும் இல்லை. பக்கத்திலேயே நன்றாகக் காய்ந்த பஞ்சு இருக்கிறது. தீ மூட்ட நாம் தேடிப் பிடிக்கும் பொருளே பஞ்சுதானே.

பஞ்சும் கம்பிச் சுருளும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் சாட்சி. 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டம்பர் வரை தயாரான சில டிரையர்களில், சேரும் பஞ்சு ஹீட்டர் சுருளில் பட்டுத் தீப்பிடிக்க வாய்ப்பு இருப்பதாக வேர்ல்பூல் நிறுவனம் 2015 நவம்பரில் அறிவித்தது. அவை ஹாட்பாயிண்ட், இண்டெசிட் போன்ற பெயர்களில் விற்கப்பட்டவை. திருத்தும் வேலை முடியும் வரை, ஆள் அருகில் இருக்கும்போது பயன்படுத்தலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. 2016 ஆகஸ்ட் மாதம், மேற்கு லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் உள்ள 18 மாடிக் கட்டடத்தில், ஏழாவது மாடி வீடு ஒன்றில் தீப்பிடித்தது. தீயை அணைக்க 120 வீரர்கள் வந்தார்கள். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அந்த வீட்டில் இருந்த டிரையர்தான் காரணம் என்று லண்டன் தீயணைப்புப் படை கருதியது. திருத்தப்படாத டிரையர்களைத் திரும்பப் பெற 2019-இல் பிரிட்டிஷ் அரசு தலையிட்டது.

அது தயாரிப்புக் குறை. அமெரிக்காவில் நடப்பதோ வீட்டுக் குறை. 2008 முதல் 2010 வரையிலான கணக்கின்படி, அங்கே ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீவிபத்துகள் டிரையரில் தொடங்கியதாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் சொல்கிறது. காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டது.

வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை

டிரையரைப் பார்த்துக்கொள்வதில் பெரிய வித்தை ஏதும் இல்லை. ஒவ்வொரு முறையும் வடிகட்டியில் உள்ள பஞ்சை எடுங்கள். மாதம் ஒருமுறை அந்த வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் உடனே ஓடிவிட வேண்டும். தேங்கி நின்றால், வாசனைத் தாள் போன்றவை கண்ணுக்குத் தெரியாத படலமாக வலையை அடைத்திருக்கின்றன. சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு திரும்பப் போடுங்கள். டிரையர் ஓடும்போது வாரம் ஒருமுறை வெளி மூடி நன்றாகத் திறக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது குழாயைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யுங்கள். துண்டும் போர்வையும் அதிகம் போடும் வீட்டில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நல்லது.

நம் வீடுகளுக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. எண்ணெய்க் குளியல் துண்டும் சமையல் எண்ணெய் துடைத்த துணியும் சரியாகத் துவைக்கப்படாமல் டிரையருக்குள் போகக் கூடாது. எண்ணெய் ஊறிய துணி சூடேறிக் குவியலாகக் கிடந்தால், டிரையர் நின்ற பிறகும் அது தானாகவே சூடாகிப் பற்றிக்கொள்ளலாம். அத்தகைய துணியைச் சுடுதண்ணீரில் கூடுதல் சோப்புப் போட்டுத் துவைத்து, வெளிக்காற்றில் காயவிடுங்கள். மற்றத் துணிகளுக்கும், கடைசி ஆறும் நேரம் முடியும் வரை டிரையரை ஓடவிடுங்கள். அவசரமென்று பாதியில் நிறுத்தினால், துணியை உடனே வெளியே எடுத்து விரித்துப் போடுங்கள். எல்லாரும் தூங்கப் போன பிறகு டிரையரை ஓடவிட வேண்டாம்.

அடுத்த முறை பழுது பார்ப்பவர் வந்து "ஃபியூஸ் போச்சு, மாத்திட்டேன்" என்றால், காசு கொடுப்பதற்கு முன், "ஏன் போச்சு?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் குழாயையும் பார்க்காமல் கிளம்பினால், இன்னொரு ஃபியூஸுக்கும் இப்போதே காசு எடுத்துவைத்துக்கொள்ளலாம்.